நோ கிளெய்ம் போனஸ் ரூல்களைச் சோதிப்பது: மோதும் நிபந்தனை, முன்னுரிமை, எட்டாத ரூல் – கேள்வி பதில்

இந்தியாவில் தனியார் காருக்குப் பிரீமியம் கணக்கிடும் ரூல் என்ஜினைச் சோதிப்பவர்களுக்கான பக்கம் இது. எல்லா ரூல்களையும் தொடாமல், நோ கிளெய்ம் போனஸ் என்ற ஒரே அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அட்டவணை சின்னதுதான், ஆனால் பெரிய அட்டவணைகளில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும்.

எந்த ரூல்களை வைத்துப் பேசப்போகிறீர்கள்? முதலில் அதைக் காட்டுங்கள்.

கிளெய்ம் இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20% தள்ளுபடி உண்டு. தொடர்ந்து கிளெய்ம் இல்லாவிட்டால் அது 25, 35, 45, 50 என்று ஏறி, 50-இல் நின்றுவிடும். மூன்றாம் தரப்புப் பிரீமியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் போய்விடும். இன்னொன்று, போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. காரை விற்றவர் அதைத் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துப் போகலாம். வாங்கியவருக்கு அது வராது.

இவற்றை ஒருவர் இப்படி அட்டவணையாக்கியிருக்கிறார். மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் ரூலோடு நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

| ரூல் | நிபந்தனை | புதிய போனஸ் % |
|---|---|---|
| 1 | பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் ஆகிவிட்டது | 0 |
| 2 | முடிந்த ஆண்டில் கிளெய்ம் உண்டு | 0 |
| 3 | முந்தைய போனஸ் 0 | 20 |
| 4 | முந்தைய போனஸ் 20 | 25 |
| 5 | முந்தைய போனஸ் 25 | 35 |
| 6 | முந்தைய போனஸ் 35 | 45 |
| 7 | முந்தைய போனஸ் 45 அல்லது அதற்கு மேல் | 50 |
| 8 | முந்தைய போனஸ் 50 | 50 |
| 9 | வண்டி கைமாறியிருக்கிறது | 0 |

ரூல் 9 பிறகு வந்த கோரிக்கை. எழுதியவர் அதைக் கடைசி வரியில் ஒட்டியிருக்கிறார். அட்டவணைகள் வளர்வது இப்படித்தான், கீழே ஒரு வரி சேர்ப்பதற்கு யாரும் யோசிப்பதில்லை. (வாங்கியவர் தன் பழைய வண்டிக்கான போனஸ் சான்றிதழைக் கொண்டுவந்தால் அதற்குத் தனி ரூல் வேண்டும். அதை இங்கே விட்டுவிட்டோம்.)

ஒவ்வொரு ரூலுக்கும் ஒரு டெஸ்ட் கேஸ் எழுதி எல்லாமே பாஸ் ஆகிறது. பிறகு என்ன கோளாறு இருக்க முடியும்?

ரூல் 9-க்கு என்ன டெஸ்ட் கேஸ் எழுதினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: வண்டி கைமாறியது, கிளெய்ம் உண்டு, விடை 0. பாஸ். ஆனால் அந்த 0-வைக் கொடுத்தது ரூல் 2. ரூல் 9 ஓடவே இல்லை. விடையை மட்டும் ஒப்பிடும் டெஸ்ட் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது.

இப்போது வேறு ஓர் ஆள். 1197 சிசி கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். விற்றவருக்கு 45% போனஸ் இருந்தது, கிளெய்ம் இல்லை, பாலிசி இன்னும் முடியவில்லை. ரூல் 7 பொருந்துகிறது, 50% கிடைக்கிறது, என்ஜின் அங்கேயே நின்றுவிடுகிறது. சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த சிசி-க்கு 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் தரப்புப் பிரீமியம் ரூ.3,416. சரியான கணக்கு 12,000 + 3,416 = 15,416. அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.18,190.88. என்ஜின் சொல்வது 6,000 + 3,416 = 9,416, ஜிஎஸ்டியோடு ரூ.11,110.88. ஒரே பாலிசியில் ரூ.7,080 குறைவு. (தனிநபர் விபத்துக் காப்பீடு போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஆகவே டெஸ்ட் கேஸில் இரண்டு எதிர்பார்ப்பு இருக்க வேண்டும்: விடை என்ன, அந்த விடையைக் கொடுத்த ரூல் எது. இரண்டாவது இல்லாத டெஸ்ட், ரூல் டெஸ்ட் அல்ல.

எந்த ரூல் விடை கொடுத்தது என்று என்ஜினிடம் எப்படிக் கேட்பது?

ட்ரூல்ஸ் என்ற ரூல் என்ஜினில் டிஎம்என் தரத்தில் எழுதிய அட்டவணையை ஓட்டுகிறீர்கள் என்றால் `DMNRuntimeEventListener` ஒன்றை மாட்டுங்கள். அதன் `afterEvaluateDecisionTable` நிகழ்வில் `getMatches()`, `getSelected()` என்று இரண்டு பட்டியல் கிடைக்கும். முதலாவது பொருந்திய ரூல்கள், இரண்டாவது தேர்ந்தெடுக்கப்பட்டவை. இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியதுதான். டிஆர்எல் கோப்பாக எழுதிய ரூல்களுக்கு `AgendaEventListener`-இல் `afterMatchFired` உண்டு, ஓடிய ரூலின் பெயர் அதில் வரும்.

சொந்தமாக எழுதிய என்ஜினாக இருந்தால், விடையோடு ரூல் எண்ணையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். டெவலப்பருக்கு அது அரை நாள் வேலை. அது இல்லாமல் சோதிப்பது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

ரூல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதே தப்பா? எல்லா ஓவர்லேப்பையும் நீக்கச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். "கிளெய்ம் உண்டு" என்ற ரூல் 2, முந்தைய போனஸ் எதுவாக இருந்தாலும் பொருந்தத்தான் வேண்டும். ரூல் 3 முதல் 7 வரை எல்லாவற்றோடும் அது மோதுவது வேண்டுமென்றே வைத்தது: பொது விதி கீழே, விலக்கு மேலே. அதை நீக்க வேண்டுமானால் ஒவ்வொரு வரியிலும் "கிளெய்ம் இல்லை, 90 நாளுக்குள், கைமாறவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும், அட்டவணை வாசிக்க முடியாமல் போகும்.

பார்க்க வேண்டியது, மோதும் இரண்டு ரூலும் ஒரே விடை தருகின்றனவா, வேறு வேறு விடை தருகின்றனவா என்பது. ரூல் 1-ம் 2-ம் சேர்ந்து பொருந்தினால் எது வென்றாலும் 0-தான். ரூல் 2-ம் 5-ம் சேர்ந்து பொருந்தினால் யார் வெல்கிறார்கள் என்பதில் 35% தொங்குகிறது. முன்னுரிமைச் சோதனைக்கு வேண்டியவை இந்த இரண்டாம் வகை ஜோடிகள் மட்டும்தான்.

ஒரே விடை என்று முதல் வகையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் "போனஸ் ஏன் இல்லை" என்ற காரணம் ரூலிலிருந்து வருகிறது என்றால், தொகை ஒன்றாக இருந்தாலும் காரணம் மாறிவிடும். கிளெய்ம் செய்யாத ஆளுக்கு "கிளெய்ம் செய்ததால் போனஸ் இல்லை" என்று போனால் அடுத்த நாள் கால் சென்டரில் தெரியும்.

எட்டாத ரூலை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்த்தால் போதாதா?

ஒன்பது வரிக்குப் போதும், தொண்ணூறு வரிக்குப் போதாது. இதே அட்டவணையிலேயே கண் எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். ரூல் 8 எட்டாதது என்று எளிதில் தெரிகிறது: 50 என்பது "45 அல்லது அதற்கு மேல்" என்பதற்குள் அடங்குகிறது, ரூல் 7 அதை முழுதாக விழுங்கிவிட்டது. ஒரு ரூலை இன்னொரு ரூல் மறைக்கும் இந்த வகையை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் பிடித்துவிடலாம்.

ரூல் 9 அப்படியல்ல. அதை மேலே உள்ள எந்தத் தனி ரூலும் மறைக்கவில்லை. ரூல் 3-ஐ மட்டும் எடுத்தால், முந்தைய போனஸ் 20 உள்ள கைமாறிய வண்டி அதைத் தாண்டி வந்துவிடும். ரூல் 4-ஐ மட்டும் எடுத்தால் 25 உள்ளது தாண்டும். ஆனால் 3 முதல் 7 வரை சேர்த்துப் பார்த்தால், முந்தைய போனஸ் எந்த மதிப்பாக இருந்தாலும் அவற்றில் ஒன்று அள்ளிக்கொள்கிறது. ரூல் 9-க்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஜோடி ஒப்பீட்டை மட்டும் நம்பும் கருவி இதைச் "சரி" என்று சொல்லிவிடும். ஆகவே ஒரு ரூலை, அதற்கு மேலே உள்ள எல்லா ரூல்களின் தொகுப்போடு ஒப்பிட வேண்டும்.

உள்ளீடு குறைவாக இருந்தால் எல்லாச் சேர்க்கையையும் ஓட்டிப் பார்ப்பதே நேர்வழி. நாள் இடைவெளிக்கு 0, 1, 90, 91 என்று நான்கு மதிப்பு, கிளெய்முக்கு இரண்டு, கைமாற்றத்துக்கு இரண்டு, முந்தைய போனஸுக்கு ஆறு. பெருக்கினால் 96 கேஸ்.

```python
from collections import Counter
from itertools import product

def hits(g, c, o, p):
    conds = [g > 90, c, p == 0, p == 20, p == 25,
             p == 35, p >= 45, p == 50, o]
    return [i for i, x in enumerate(conds, 1) if x]

hit, won = Counter(), Counter()
for case in product([0, 1, 90, 91], [False, True],
                    [False, True], [0, 20, 25, 35, 45, 50]):
    h = hits(*case)
    hit.update(h)
    won.update(h[:1])
print(won, hit)
```

`g` நாள் இடைவெளி, `c` கிளெய்ம், `o` கைமாற்றம், `p` முந்தைய போனஸ். ஓட்டினால் ரூல் 1 வென்றது 24 முறை, ரூல் 2 வென்றது 36 முறை, 3 முதல் 6 வரை தலா 6, ரூல் 7 வென்றது 12. கூட்டினால் 96. ரூல் 8 பொருந்தியது 16 முறை, வென்றது 0. ரூல் 9 பொருந்தியது 48 முறை, வென்றது 0. பாதிக் கேஸ்களில் பொருந்தியும் ஒரு முறைகூட வெல்லாத ரூல். இந்த ஒரு வரியை எழுதி அனுப்பினால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை: மேலே `conds` என்பது கையால் எழுதிய நகல். உண்மையான வேலையில் அதை அட்டவணைக் கோப்பிலிருந்தே படித்து உருவாக்குங்கள். இல்லாவிட்டால் நகலைச் சோதித்துவிட்டு அசலை வெளியிட்டவர்கள் ஆவோம்.

எங்கள் அட்டவணையில் 14 நெடுவரிசை. எல்லாச் சேர்க்கையும் கோடிக்கணக்கில் போகிறது. என்ன செய்வது?

அப்போது கேஸ்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கேள்வியைத் தர்க்கமாகக் கேளுங்கள்: "இந்த ரூல் பொருந்த வேண்டும், மேலே உள்ள எதுவும் பொருந்தக் கூடாது, அப்படி ஒரு உள்ளீடு உண்டா?" `z3` போன்ற சால்வர் இதற்காகவே இருக்கிறது.

```python
from z3 import *
g, p = Ints("g p")
c, o = Bools("c o")
dom = And(g >= 0, Or([p == v for v in (0, 20, 25, 35, 45, 50)]))
conds = [g > 90, c, p == 0, p == 20, p == 25,
         p == 35, p >= 45, p == 50, o]
for i, ci in enumerate(conds):
    s = Solver()
    s.add(dom, ci, *[Not(x) for x in conds[:i]])
    if s.check() == unsat:
        print("unreachable:", i + 1)
```

விடை 8, 9. இதில் உயிர்நாடி `dom` என்ற வரி. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் 8 மட்டும்தான் வரும். ஏனென்றால் முந்தைய போனஸ் 30 என்று ஒன்று இருக்கலாம் என சால்வர் நினைத்துக்கொள்கிறது. 30-ஐ ரூல் 3 முதல் 7 வரை எதுவும் பிடிக்காது, ஆகவே ரூல் 9 எட்டக்கூடியதாகிவிடுகிறது. நடைமுறையில் 30% போனஸ் யாருக்கும் கிடையாது. உள்ளீட்டின் எல்லையைச் சரியாக எழுதாவிட்டால் கருவியே கோளாறை மூடிமறைக்கும்.

எல்லையை எழுதும்போது திரையில் என்ன தேர்வு இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டாம், என்ஜினுக்குள் எந்த மதிப்பு வர முடியும் என்று பாருங்கள். திரை தவிர, ஏஜெண்டு போர்ட்டல், மொத்தப் பதிவேற்றக் கோப்பு, வேறு நிறுவனத்தின் ஏபிஐ எல்லாம் அதே என்ஜினைத்தான் கூப்பிடுகின்றன.

சால்வர் சில நேரம் `unknown` என்றும் சொல்லும். அதை "எட்டும்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தனியே குறித்து வைத்துக் கையால் பாருங்கள். டிஎம்என் அட்டவணையாக இருந்தால் சால்வருக்குப் போகும் முன் `DMNValidator`-இல் `ANALYZE_DECISION_TABLE` தேர்வை ஓட்டிவிடுங்கள். இடைவெளி, ஓவர்லேப், மறைந்த ரூல் ஆகியவற்றை அதுவே ஓரளவு சொல்லிவிடும்.

கைமாற்ற ரூலுக்கு salience 100 கொடுத்துவிட்டோம், மற்றவற்றுக்கு 0. இன்னும் 50% தான் வருகிறது. ஏன்?

இது ட்ரூல்ஸில் விழாதவர் இல்லாத பள்ளம். `salience` சொல்வது யார் முதலில் ஓடுவது என்பதை மட்டும். யார் வெல்வது என்று அது சொல்லவில்லை. எண் பெரியதாக இருந்தால் முதலில் ஓடும். ரூல் 9 முதலில் ஓடிப் போனஸை 0 ஆக்கியது. பிறகு ரூல் 7 தன் முறை வந்ததும் ஓடி அதை 50 ஆக்கியது. கடைசியாக எழுதியவர் கைதான் மேலே. நீங்கள் உயர்ந்த முன்னுரிமை கொடுத்ததால்தான் அது தோற்றது.

ஒரு குழுவில் ஒன்று ஓடியதும் மற்றவை நின்றுவிட வேண்டும் என்றால் `activation-group` வேண்டும்.

```
rule "Owner changed"
    salience 100
    activation-group "ncb"
when
    $p : Proposal( ownerChanged == true )
then
    $p.setNcb(0);
end
```

ரூல் 7 உட்பட எல்லாப் போனஸ் ரூல்களிலும் இதே குழுப் பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் `"NCB"` என்று பெரிய எழுத்தில் தட்டியிருந்தால் அது வேறு குழு, எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு முன்மொழிவுக்குப் போனஸ் ரூல்களில் சரியாக ஒன்றுதான் ஓடியது என்று `afterMatchFired` பட்டியலை எண்ணுங்கள். இரண்டு ஓடியிருந்தால் விடை சரியாக இருந்தாலும் டெஸ்ட் தோற்க வேண்டும். இன்று சரியாக வந்தது வரிசை தற்செயலாக ஒத்துப்போனதால்.

ஒரே `salience` உள்ள இரண்டு ரூலில் எது முதலில் ஓடும் என்பதையும் நம்பி எழுதக் கூடாது. கோப்புகளை வேறு வரிசையில் ஏற்றிப் பாருங்கள். விடை மாறினால் எங்கோ முன்னுரிமை எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது.

டிஎம்என் அட்டவணையில் ஹிட் பாலிசி P வைத்தால் மேலே உள்ள ரூலுக்குத்தானே முன்னுரிமை?

இல்லை. ஹிட் பாலிசி என்பது பல ரூல் பொருந்தும்போது எதை எடுப்பது என்ற ஏற்பாடு. அதில் மேலிருந்து கீழே என்பது F. P-இல் முன்னுரிமை வருவது விடை மதிப்புகளின் பட்டியலிலிருந்து. வெளியீட்டு நெடுவரிசைக்கு `0, 20, 25, 35, 45, 50` என்று மதிப்புகளை எழுதியிருந்தால், பொருந்திய ரூல்களில் 0 தருவது வெல்லும், அது எந்த வரியில் இருந்தாலும் சரி. அதையே `50, 45, 35, 25, 20, 0` என்று ஏறுமாறாக எழுதியிருந்தால் கிளெய்ம் செய்தவருக்கும் 50% போய்விடும். வரி ஒன்றுகூட மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. மாற்றங்களைப் பார்வையிடுபவர் வரிகளை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்.

சொல்லப்போனால் இந்த அட்டவணைக்கு P நன்றாகவே பொருந்துகிறது. "0 தரும் ரூல் எப்போதும் வெல்லும்" என்பதுதான் உண்மையான வணிக விதி. அப்படி எழுதினால் ரூல் 9 கடைசி வரியில் இருந்தாலும் எட்டும். F-ஐ விட்டு P-க்கு மாறினால் பழைய டெஸ்ட்களை அப்படியே வைத்து, அந்த 96 கேஸையும் இரண்டு வழியிலும் ஓட்டி ஒப்பிடுங்கள்.

முன்னுரிமையைச் சோதிக்க எத்தனை கேஸ் எழுத வேண்டும்?

திருத்திய அட்டவணையை எடுத்துக்கொள்வோம்: ரூல் 8 நீங்கியது, ரூல் 9 மேலே ஏறி 1, 9, 2, 3, 4, 5, 6, 7 என்ற வரிசை. எட்டு ரூல், 28 ஜோடி. 3 முதல் 7 வரை ஒன்றோடொன்று மோதவே மோதாது, அதில் 10 ஜோடி போயிற்று. 1, 9, 2 தமக்குள் மோதும், ஆனால் விடை ஒன்றே, அதில் 3 ஜோடி. மிச்சம் 15. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு கேஸ் வேண்டும்.

அந்தக் கேஸைத் தேர்வதில்தான் சூட்சுமம். ஜோடியில் உள்ள இரண்டு ரூல் மட்டும் பொருந்த வேண்டும், மூன்றாவது ஒன்று உள்ளே வரக் கூடாது. 9-க்கும் 5-க்கும் இடையில் யார் வெல்வது என்று சோதிக்க "இடைவெளி 91 நாள், கைமாறியது, முந்தைய போனஸ் 25" என்று எடுத்தால் ரூல் 1 முந்திக்கொண்டு 0 சொல்லிவிடும். நாளை யாராவது 5-ஐ 9-க்கு மேலே நகர்த்தினாலும் அந்த டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். "இடைவெளி 0, கிளெய்ம் இல்லை, கைமாறியது, முந்தைய போனஸ் 25" என்று எடுத்தால் பொருந்துபவை 9, 5 மட்டுமே. நகர்த்திய அன்றே சிவப்பாகும்.

டெஸ்ட்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, அந்த 15 ஜோடியிலும் கீழே உள்ள ரூலை மேலே உள்ளதற்கு முன்னால் வைத்து ஒவ்வொரு முறையும் டெஸ்ட்களை ஓட்டுங்கள். ஒரு டெஸ்டும் தோற்காத ஜோடி இருந்தால், அங்கே உங்கள் கேஸில் மூன்றாவது ரூல் ஒளிந்திருக்கிறது.

எல்லை மதிப்புகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் 90 நாள். பாலிசி 2025 மார்ச் 10 நள்ளிரவோடு முடிந்தால் 90-ஆம் நாள் ஜூன் 8. அன்று போனஸ் உண்டு, ஜூன் 9 அன்று இல்லை. என்ஜின் முடிந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஒரு நாள் முன்னதாகவே போனஸ் போய்விடும். நேரத்தோடு சேர்த்துக் கழித்து முழு எண்ணாக்கினால் மாலையில் வாங்குபவருக்கும் காலையில் வாங்குபவருக்கும் வேறு வேறு விடை வரும். ஆகவே தேதியை மட்டுமல்ல, ஜூன் 8 காலை 00:05, இரவு 23:55 என்று நேரத்தையும் கொடுத்துச் சோதியுங்கள். சர்வர் யூடிசி நேரத்தில் ஓடினால், இந்திய நேரம் காலை 5:30 வரை அதற்கு இன்னும் முந்தைய நாள்தான்.

அடுத்து, கட்டண மாற்றத் தேதி. 1000-க்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியம் 2022 மே 31 வரை ரூ.3,221, ஜூன் 1 முதல் ரூ.3,416. பழைய ரூலின் முடிவுத் தேதியாகவும் புதிய ரூலின் தொடக்கத் தேதியாகவும் ஜூன் 1-ஐயே போட்டுவிட்டால் அன்று ஒருநாள் மட்டும் இரண்டும் பொருந்தும். அடுத்த நாள் எல்லாம் சரியாகிவிடுவதால் யாரும் தேட மாட்டார்கள்.

சிசி எல்லையில் ஒரு வேடிக்கை. சந்தையில் உள்ள கார்கள் 998, 999, 1197, 1498 என்றுதான் இருக்கின்றன. உற்பத்தித் தரவிலிருந்து டெஸ்ட் டேட்டா எடுத்தால் சரியாக 1000-ஐ அது தொடாமலே போகலாம். செயற்கையாக 1000, 1001 கொடுங்கள். 1000 வரை என்பது முதல் படி.

முந்தைய போனஸ் காலியாக வந்தால்?

புத்தம் புதுக் கார். முந்தைய பாலிசியே கிடையாது, ஆகவே அந்தப் புலம் காலி. இடையில் உள்ள ஏதோ ஒரு நிரல் காலியை 0 ஆக்கிவிடுகிறது. ரூல் 3 பொருந்துகிறது. ஷோரூமை விட்டு இன்னும் வெளியே வராத காருக்கு 20% போனஸ். ரூல் சரி, தரவு சரி, இடையில் நடந்த மாற்றம்தான் தப்பு. "முந்தைய பாலிசி உண்டு" என்பது தனி நிபந்தனையாக ரூல் 3-இல் வர வேண்டும்.

காலியாகவே என்ஜினுக்குள் வந்தால் அடுத்த கோளாறு: எந்த ரூலும் பொருந்தாது, விடையும் காலி. அதைப் பெறும் கணக்கு நிரல் தள்ளுபடி 0 என்று எடுக்கிறதா, கணக்கே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். சால்வரில் `dom` எழுதும்போது காலியையும் ஒரு மதிப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாத லாகில் ஒரு முறைகூட ஓடாத ரூல்களை எட்டாதவை என்று நீக்கிவிடலாமா?

கூடாது. ஓடாததற்கும் ஓட முடியாததற்கும் வித்தியாசம் உண்டு. விண்டேஜ் காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் 50% சலுகை உண்டு. அந்த ரூல் ஒரு காலாண்டு முழுக்கச் சும்மா கிடக்கலாம், அடுத்த வாரம் ஒருவர் 1935 மாடல் வண்டியோடு வருவார்.

லாகை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். ஓடாத ரூல்களின் பட்டியலை சால்வரிடம் கொடுங்கள். எட்டவே முடியாது என்று வந்தவற்றை இரண்டாகப் பிரியுங்கள்: விடை மேலே உள்ள ரூலோடு ஒத்துப்போனால் ரூல் 8 போல வெறும் குப்பை, நீக்கலாம். விடை வேறாக இருந்தால் ரூல் 9 போல, யாரோ கேட்ட ஒரு வணிக விதி இதுவரை நடைமுறைக்கே வரவில்லை. அதை நீக்கக் கூடாது, மேலே ஏற்ற வேண்டும். அதோடு, அந்த ரூல் சேர்க்கப்பட்ட தேதியிலிருந்து வெளியான பாலிசிகளில் கைமாறிய வண்டிகளை மட்டும் எடுத்துத் திருத்திய அட்டவணையில் மறுபடி ஓட்டி, வேறுபடுபவற்றின் பட்டியலை அண்டர்ரைட்டிங் பிரிவிடம் கொடுங்கள். வித்தியாசத்தை வசூலிப்பதா, அடுத்த புதுப்பித்தலில் சரிசெய்வதா என்பது அவர்கள் முடிவு.